காசு கட்டியதை கேம் ஏன் மறந்துபோகிறது?

கேம்களின் பிளே ஸ்டோர் பக்கத்தில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் படித்தால் ஒரு புகார் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். “விளம்பரம் வேண்டாம் என்று காசு கட்டினேன். போனில் இடமில்லாமல் கேமை அழித்தேன். பிறகு மறுபடி இன்ஸ்டால் செய்தால் விளம்பரம் வருகிறது. ஏமாற்று வேலை” என்கிற ரீதியில் அது இருக்கும். காசு போனதே என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் இங்கே யாரும் ஏமாற்றவில்லை. வாங்கிய பதிவும் அழியவில்லை. அது பத்திரமாக ஓரிடத்தில் இருக்கிறது. கேம்தான் அங்கே போய்க் கேட்கவில்லை, அல்லது கேட்ட விதம் சரியில்லை.

இதை ஓர் உதாரணத்தை வைத்தே பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் ஒரு புதிர் விளையாட்டு. இலவசமாகக் கிடைக்கிறது, நடுநடுவே விளம்பரம் வரும். 199 ரூபாய் கட்டினால் விளம்பரம் நிரந்தரமாக நின்றுவிடும். இந்தப் பொருளுக்கு டெவலப்பர் வைத்த அடையாளப் பெயர் `remove_ads`.

அசல் ஓரிடம், நகல் ஓரிடம்

நீங்கள் 199 ரூபாய் கட்டியதும் இரண்டு இடங்களில் பதிவாகிறது. முதலாவது கூகுளின் சர்வரில். இன்ன ஜிமெயில் அக்கவுன்ட், இன்ன ஆப்பில், `remove_ads` என்ற பொருளை வாங்கியிருக்கிறது என்று அங்கே எழுதப்படும். இரண்டாவது உங்கள் போனுக்குள், அந்த கேமுக்கென்று ஒதுக்கப்பட்ட சிறு சேமிப்பில். “விளம்பரம் காட்டாதே” என்று கேம் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஒருவரிக் குறிப்பு அது. வீட்டுப் பத்திரத்தின் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்திலும், ஜெராக்ஸ் நம் பீரோவிலும் இருப்பது போலத்தான் இதுவும்.

கேமை அழிக்கும்போது போனில் இருக்கும் குறிப்பு சேர்ந்தே அழிந்துவிடும். கூகுளில் இருக்கும் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது கேம் கூகுளிடம் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும். கேட்காமல் போனில் உள்ள குறிப்பை மட்டும் தேடினால், குறிப்பு இருக்காது. “இவர் புதியவர், காசு கட்டாதவர்” என்று கேம் முடிவு செய்துவிடும்.

இவ்வளவு வெளிப்படையான தவறு வெளியீட்டுக்கு முன்பே ஏன் பிடிபடுவதில்லை? கேமை உருவாக்குபவர் தினமும் பலமுறை புதிய வடிவத்தைத் தன் போனில் ஏற்றிப் பார்க்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் பழையதை அழிப்பதில்லை. புதியது பழையதன் மேலேயே ஏறிக்கொள்கிறது. அப்படி ஏறும்போது பழைய குறிப்பு அப்படியே இருக்கும். அவர் போனில் விளம்பரம் வராது. வாங்கிவிட்டு, முழுக்க அழித்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தால்தான் குறை தெரியும். அதைச் செய்து பார்க்க அவசரத்தில் பலருக்கும் தோன்றுவதில்லை.

திறந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி

கேம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூகுள் பிளேயிடம் “இந்த அக்கவுன்ட்டில் என்னென்ன வாங்கப்பட்டிருக்கிறது?” என்று கேட்பதுதான் முறை. அதற்கென்றே `queryPurchasesAsync` என்ற கட்டளையை கூகுள் கொடுத்திருக்கிறது. கேம் முதன்முறை திறக்கும்போது மட்டுமில்லாமல், பின்னணிக்குப் போய்த் திரும்பத் திரைக்கு வரும்போதெல்லாம் அதை அழைக்கச் சொல்கிறது. எதிர்ப்படும் பதிலைக் கையாளும் பகுதி இவ்வளவுதான்:

```kotlin
billingClient.queryPurchasesAsync(params) { result, purchases ->
    if (result.responseCode == BillingResponseCode.OK) {
        val owned = purchases.any {
            "remove_ads" in it.products &&
            it.purchaseState == PurchaseState.PURCHASED
        }
        saveAdFree(owned)
    }
}
```

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். முதலில் பதில் ஒழுங்காக வந்ததா என்று பார்க்கிறது. வந்திருந்தால் மட்டுமே பட்டியலில் `remove_ads` இருக்கிறதா, அதற்கான காசு உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பார்த்து, போனில் உள்ள குறிப்பைத் திருத்துகிறது. பதில் ஒழுங்காக வரவில்லை என்றால் குறிப்பைத் தொடுவதே இல்லை.

பல கேம்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கூகுளிடமிருந்து வரக்கூடிய பதில்கள் மூன்று: “ஆம், வாங்கியிருக்கிறார்”, “இல்லை, வாங்கவில்லை”, “இப்போது சொல்ல முடியவில்லை”. சரியாக எழுதப்படாத கேம் மூன்றாவதையும் இரண்டாவதாகவே எடுத்துக்கொள்ளும். பேருந்தில் போகும்போது நெட் விட்டுவிட்டு வருகிறது, அல்லது பிளே ஸ்டோர் அப்போதுதான் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் கேமைத் திறந்தால் பட்டியல் காலியாக வரும். காலி என்றால் வாங்கவில்லை என்று கேம் முடிவுகட்டி, போனில் இருந்த நல்ல குறிப்பையும் அழித்துவிடும். கேமை அழிக்காமலேயே சிலருக்கு விளம்பரம் திரும்பி வருவதற்கும், பிறகு தானாகவே மறைவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு வகை, அவசரம். கேமுக்கும் பிளே ஸ்டோருக்கும் இடையே இணைப்பு ஏற்பட ஒரு கணம் பிடிக்கும். இணைப்பு தயார் என்ற தகவல் வந்த பிறகே கேட்க வேண்டும். அதற்கு முன்பே கேட்டுவிட்டால் பிழைச் செய்திதான் வரும். வேகமான போனில் சரியாக நடப்பது பழைய போனில் நடக்காமல் போவது இதனால்தான். “என் போனில் வருகிறதே” என்று டெவலப்பரும், “என் போனில் வரவில்லையே” என்று ஆட்டக்காரரும் சொல்வார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கும்.

புதிதாக இன்ஸ்டால் செய்த போனில் குறிப்பும் இல்லை, கூகுளின் பதிலும் இன்னும் வரவில்லை என்றால் கேம் என்ன செய்ய வேண்டும்? பதில் வரும்வரை விளம்பரம் காட்டாமல் காத்திருந்து, சற்றுநேரம் கழித்து மறுபடி கேட்பதுதான் நல்லது. ஓரிரு விளம்பரங்களின் வருமானம் போனால் சில காசுகள்தான் நஷ்டம். காசு கட்டியவருக்கு முதல் திரையிலேயே விளம்பரத்தைக் காட்டினால் ஒற்றை நட்சத்திரம் நிச்சயம்.

மூன்று நாள் கணக்கு

கேம் சரியாகக் கேட்கிறது, கூகுளும் சரியாகப் பதில் சொல்கிறது, ஆனாலும் “வாங்கவில்லை” என்றே வருகிறது. இப்படியும் நடக்கும். இதற்குப் பின்னால் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது.

கூகுள் பிளேயில் காசு கட்டினால் மட்டும் வியாபாரம் முடிந்துவிடாது. “பொருளைக் கொடுத்துவிட்டேன்” என்று கேம் கூகுளுக்கு ஒப்புகை அனுப்ப வேண்டும். மூன்று நாட்களுக்குள் ஒப்புகை போகவில்லை என்றால், வாங்கியவருக்குப் பொருள் கிடைக்கவில்லை என்று கூகுள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தானாகவே திருப்பிவிடும். வாங்கியவரைப் பாதுகாக்கத்தான் இந்த விதி. டெவலப்பர் ஒப்புகை அனுப்பும் வரியை எழுத மறந்தாலோ, அனுப்பும் நொடியில் நெட் போய்விட்டாலோ கதை வேறு மாதிரி போகிறது.

நம் புதிர் விளையாட்டிலேயே பார்ப்போம். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு 199 ரூபாய் கட்டுகிறீர்கள். கேம் உடனே போனில் குறிப்பு எழுதி விளம்பரத்தை நிறுத்துகிறது. ஆனால் ஒப்புகை போகவில்லை. வியாழன் இரவு கூகுள் வாங்கியதை ரத்து செய்கிறது. பணம் வந்த வழியே திரும்புகிறது. அதற்கான மின்னஞ்சல் விளம்பர மின்னஞ்சல்களுக்கு நடுவே கிடக்கும், 199 ரூபாய் வரவை வங்கிச் செய்திகளில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. போனில் உள்ள குறிப்பு அப்படியே இருப்பதால் கேமும் விளம்பரமில்லாமலே ஓடுகிறது. இரண்டு மாதம் கழித்து கேமை அழித்துவிட்டு மறுபடி போடுகிறீர்கள். கூகுளின் பதிவில் வாங்கியதே இல்லை. உங்கள் நினைவிலோ காசு கட்டியது பசுமையாக இருக்கிறது. மறு இன்ஸ்டால்தான் குற்றவாளி மாதிரித் தெரியும். உண்மையில் குறை நடந்தது இரண்டு மாதத்துக்கு முந்தைய அந்தத் திங்களன்று.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, `Payments & subscriptions` போய், `Budget & history` பாருங்கள். அந்த 199 ரூபாய்க்கு நேரே பணம் திருப்பப்பட்டது என்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அப்படியானால் மறுபடி வாங்குவதுதான் வழி. ஆனால் அதற்கு முன் டெவலப்பருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் அந்தக் குறையைச் சரி செய்யாமல் நீங்கள் மறுபடி வாங்கினால் மறுபடியும் இதேதான் நடக்கும்.

கேம் திறக்கும்போது செய்யும் சோதனை இங்கும் கை கொடுக்கும். பட்டியலில் காசு வந்து சேர்ந்த, ஆனால் ஒப்புகை போகாத பொருள் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, இருந்தால் அப்போதே ஒப்புகை அனுப்பிவிட்டால் போதும். திங்களன்று நெட் போனாலும் செவ்வாயன்று கேமைத் திறக்கும்போது சரியாகிவிடும். பணம் கட்டிய கையோடு போன் அணைந்துபோனவர்களையும், ‘நிலுவையில்’ என்று தொங்கிக்கொண்டிருந்து பிறகு நிறைவேறிய கட்டணங்களையும் இதே சோதனைதான் காப்பாற்றுகிறது. கட்டணம் நிலுவையில் இருந்தால் அது நிறைவேறிய நேரத்திலிருந்துதான் மூன்று நாள் கணக்குத் தொடங்கும். டெவலப்பர்கள் இதைச் சோதித்துப் பார்க்க மூன்று நாள் காத்திருக்கவும் வேண்டாம். சோதனைக்கென்று பதிவு செய்த அக்கவுன்ட்களுக்கு கூகுள் அந்தக் கெடுவை மூன்று நிமிடமாகச் சுருக்கி வைத்திருக்கிறது.

ஐபோனில் ஏன் ஒரு பொத்தான்?

ஐபோன் வைத்திருப்பவர்கள் பல கேம்களின் அமைப்புப் பக்கத்தில் `Restore Purchases` என்ற பொத்தானைப் பார்த்திருப்பார்கள். திரும்பக் கிடைக்கக்கூடிய பொருளை விற்கும் எந்த ஆப்பும், அதை மீட்டெடுக்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. இல்லையென்றால் ஆப் ஸ்டோரில் ஆப்புக்கு அனுமதி கிடைக்காது.

திறந்தவுடன் தானாகவே கேட்டுக்கொள்ளாமல் பயனரைப் பொத்தானைத் தொடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய முறையில் மீட்டெடுக்கும் கட்டளை போனதும் ஆப்பிள் அக்கவுன்ட்டின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி எழும்பும். கேமைத் திறந்ததும் காரணம் சொல்லாமல் கடவுச்சொல் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் இதைத் தானாகச் செய்யாதீர்கள், பயனர் கேட்டால் மட்டும் செய்யுங்கள் என்று ஆப்பிளே டெவலப்பர்களுக்குச் சொன்னது. 2021இல் ஐஓஎஸ் 15 உடன் வந்த புதிய முறையில் நிலைமை மாறியது. இப்போது `Transaction.currentEntitlements` என்ற பட்டியலை, கடவுச்சொல் கேட்காமலேயே கேம் திறக்கும்போது படித்துக்கொள்ளலாம். புதிய முறையில் எழுதப்பட்ட கேமில் பொத்தானுக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது. இருந்தும் விதிக்காகவும், சில சமயம் பட்டியல் பழையதாக இருந்தால் உதவுவதற்காகவும் பொத்தான் இருக்கிறது. பழைய முறையிலேயே நிற்கும் கேமில், மறு இன்ஸ்டாலுக்குப் பிறகு அந்தப் பொத்தானை நீங்கள்தான் தேடித் தொட வேண்டியிருக்கும். தொட்டால் புதிதாகப் பணம் பிடிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். மீட்டெடுப்புக்குக் கட்டணம் இல்லை.

ரசீது உண்மைதானா?

கேமுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. “வாங்கியிருக்கிறார்” என்று வரும் பதிலை எப்படி நம்புவது? 2012 ஜூலையில் ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு நிரலாளர் ஐபோன் கேம்களுக்குள் காசு கட்டாமலே பொருள் வாங்கும் வழியைப் பரப்பினார். போனில் ஒரு பொய்ச் சான்றிதழை நிறுவி, இணைய முகவரி தேடும் அமைப்பை மாற்றிவிட்டால், ஆப்பிளின் சர்வருக்குப் போக வேண்டிய கேள்வி அவருடைய சர்வருக்குப் போகும். அது “காசு வந்துவிட்டது” என்று பதில் சொல்லும். ரசீதைச் சரிபார்க்காத கேம்கள் மட்டுமல்ல, போனிலிருந்தே நேராக ஆப்பிளிடம் கேட்டுச் சரிபார்த்த கேம்களும் ஏமாந்தன. ஏனென்றால் அந்தக் கேள்வியும் அதே பொய் சர்வருக்குத்தான் போனது. ஆப்பிள் அந்த ஓட்டையை ஐஓஎஸ் 6இல் அடைத்தது.

அந்த அனுபவத்திலிருந்து வந்த பாடம்தான் இன்றைய முறை. கூகுளும் ஆப்பிளும் ஒவ்வொரு ரசீதிலும் மின் கையொப்பம் இடுகின்றன. ரசீதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. அதைக் கேம் போனுக்குள்ளேயே சரிபார்க்கலாம், நெட் தேவையில்லை. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கேமையே பிரித்து, சரிபார்க்கும் பகுதியைக் கழற்றிவிட்டுச் சுற்றுக்கு விடுபவர்களை இது தடுக்காது. அவர்களைத் தடுக்க வேண்டுமானால் டெவலப்பர் தன் சொந்த சர்வரை வைத்து, ரசீதை அங்கே வாங்கி, அங்கிருந்து கூகுளிடமோ ஆப்பிளிடமோ கேட்க வேண்டும். சர்வர் டெவலப்பரின் கையில் இருப்பதால் ஆட்டக்காரர் அதைத் திருத்த முடியாது.

199 ரூபாய் விளம்பர நீக்கத்துக்கு இவ்வளவு தேவையா என்பது டெவலப்பரின் முடிவு. சர்வர் வைத்தால் அதற்கும் மூன்று பதில் கணக்கு பொருந்தும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சர்வர் படுத்துக்கிடக்கும் நேரத்தில், திருடனைப் பிடிக்கக் கட்டிய வேலி காசு கட்டியவரைத்தான் வெளியே நிறுத்தும்.

திரும்பக் கிடைக்காதவை

எல்லாம் திரும்பி வரும் என்றும் நினைக்கக் கூடாது. விளம்பர நீக்கம், கூடுதல் கட்டங்கள் போன்றவை ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். நாணயம், வைரம், கூடுதல் உயிர் போன்றவை செலவாகித் தீருபவை. இவற்றை மறுபடி வாங்க வசதியாக, முதல் மூட்டையைக் கொடுத்ததும் “தீர்ந்தது” என்று கேம் கூகுளுக்குச் சொல்லிவிடும். அதன் பிறகு உங்களிடம் இருப்பதாக கூகுள் சொல்லும் பட்டியலில் அது வராது. ஆப்பிளிலும் மீட்டெடுப்பில் இவை சேர்வதில்லை. இன்னும் எத்தனை நாணயம் மீதியிருக்கிறது என்பது கேமுக்கு மட்டுமே தெரியும். கேம் அதைப் போனில் மட்டும் வைத்திருந்தால், அழிக்கும்போது எல்லாம் போய்விடும். சூப்பர்செல் ஐடி போல கேமுக்கென்று தனி அக்கவுன்ட் இருந்து, அதில் நீங்கள் நுழைந்திருந்தால்தான் மீதி திரும்பக் கிடைக்கும்.

அதே போல ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்கு வராது. ஒரு கடைக்கு மற்றதன் பதிவு தெரியாது. அதே பெயரில் டெவலப்பர் புதிதாக வெளியிட்ட ‘இரண்டாம் பதிப்பு’ கடையின் கண்ணில் வேறு ஆப்தான், பழையதில் வாங்கியது அங்கே செல்லாது. பழைய ஆப்பிலேயே விலையை மாற்றும்போது பொருளின் அடையாளப் பெயரை `remove_ads` என்பதிலிருந்து `remove_ads_v2` என்று மாற்றிவிட்டு, பழைய பெயரைத் தேடும் வரியை நீக்கிவிடும் டெவலப்பர்களும் உண்டு. அப்போது கூகுள் பழைய பெயரைச் சரியாகவே சொல்லும், கேமுக்கு அது யாரென்று தெரியாது.

என்ன செய்யலாம்?

முதலில் வாங்கியபோது வந்த மின்னஞ்சலைத் தேடுங்கள். அதில் `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அந்த மின்னஞ்சல் எந்த ஜிமெயிலுக்கு வந்திருக்கிறதோ அந்த அக்கவுன்ட்டில்தான் வாங்கியிருக்கிறீர்கள். அலுவலக அக்கவுன்ட், வீட்டு அக்கவுன்ட், பிள்ளைகளின் அக்கவுன்ட் என்று ஒரே போனில் பல இருந்தால் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் முடியும். பொதுவாக எந்த அக்கவுன்ட் வழியாகக் கேமை இறக்கினீர்களோ அதன் பெயரில்தான் பிளே ஸ்டோர் பதில் சொல்லும். எனவே கேமை அழித்துவிட்டு, பிளே ஸ்டோரில் சரியான அக்கவுன்ட்டுக்கு மாறி, அங்கிருந்து மறுபடி இறக்குங்கள். நாணயம், வைரம் வைத்திருப்பவர்கள் மட்டும், அவை கேமின் சொந்த அக்கவுன்ட்டில் சேமிப்பாகியிருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகே அழிக்க வேண்டும்.

அக்கவுன்ட் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், நல்ல நெட் இருக்கும் இடத்தில் கேமை முழுவதும் மூடித் திறந்து பாருங்கள். பிறகு போனையே அணைத்துப் போடுங்கள். பிளே ஸ்டோர் போனில் வைத்திருக்கும் பழைய பட்டியல் இதில் புதுப்பிக்கப்படலாம். ஐபோன் என்றால் மீட்டெடுக்கும் பொத்தானைத் தேடுங்கள். அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டு `Media & Purchases` பகுதியில் எந்த அக்கவுன்ட் இருக்கிறது என்றும் பாருங்கள். ஐகிளவுட் ஓர் அக்கவுன்ட்டிலும் வாங்குவது வேறோர் அக்கவுன்ட்டிலும் இருக்க வாய்ப்புண்டு.

இதற்கும் சரியாகவில்லை என்றால் டெவலப்பருக்கு எழுதுங்கள். “காசு கட்டினேன், வரவில்லை” என்று மட்டும் எழுதினால் அவரால் எதையும் தேட முடியாது. ஆர்டர் எண், வாங்கிய தேதி, போனின் மாடல், வரலாற்றுப் பக்கத்தில் பணம் திருப்பப்பட்டதாக இருக்கிறதா இல்லையா, இந்த நான்கையும் எழுதுங்கள். ஆர்டர் எண்ணை வைத்து அவர் தன் பிளே கன்சோலில் உங்கள் பதிவை நேராக எடுத்துப் பார்க்க முடியும். கடவுச்சொல்லோ, ஓடிபியோ, கார்டு எண்ணோ அவருக்குத் தேவையே இல்லை. யாராவது அதைக் கேட்டால் அவர் டெவலப்பர் இல்லை.